பிரசவத்துக்குப் பின் மாமியார் கொடுத்த துணையும், மருமகள் எழுதிய கடிதமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது சென்னை கொளத்தூரில் ஒரு வீட்டில் நடந்தது. தாய்ப்பால் ஆலோசகராக அந்த வீட்டுக்குப் போய் வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். மருமகள், மாமியார் இருவரும் சம்மதித்த பிறகே எழுதப்பட்டது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தை மருமகள் அனுமதித்த அளவுக்குக் கொடுத்திருக்கிறேன்.

பின்னணி

மருமகளுக்கு 27 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்கு ஷிஃப்ட் வேலை. மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. மாமியாருக்கு 58 வயது, கணவரை இழந்தவர், எட்டாம் வகுப்பு வரை படித்தவர். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு அறையும் ஒரு ஹாலும் உள்ள வாடகை வீடு.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது இரு குடும்பத்திலும் வழக்கம். வளைகாப்பு முடிந்து ஊருக்குப் போவதாகத்தான் பேச்சு. அந்தச் சமயத்தில் மருமகளின் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. அவரோடு வாரம் மூன்று முறை மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்ததால், அவளுடைய அம்மாவால் மகளை அழைத்துப் போகவும் முடியவில்லை, சென்னைக்கு வந்து தங்கவும் முடியவில்லை. "தலைப்பிரசவத்தக்கூட அம்மா வீட்டுல பாக்க முடியலையா" என்று உறவில் சிலர் கேட்டார்கள். இந்தக் கேள்வி அவளுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

38 வாரத்தில் சிசேரியன். பெண் குழந்தை, எடை 2,800 கிராம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள்.

முதல் வாரம்: எடையும் பேச்சும்

ஏழாம் நாள் என்னை அழைத்தார்கள். குழந்தையின் எடை 2,560 கிராம். பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. ஆனால் ஐந்தாம் நாளுக்குள் குறைவது நின்று ஏறத் தொடங்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். இந்தக் குழந்தை இன்னும் ஏறத் தொடங்கவில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறைதான் சிறுநீர் கழித்திருந்தது. அந்த வயதில் ஆறு முறையாவது போக வேண்டும். மலம் மஞ்சளாக மாறாமல் கரும்பச்சையாகவே இருந்தது. மூன்று அறிகுறிகளும் ஒரே பக்கம் கைகாட்டின: குழந்தை மார்பில் இருக்கிறது, ஆனால் பால் போதுமான அளவு உள்ளே போகவில்லை.

காரணமும் பார்த்தவுடன் தெரிந்தது. தையல் வலியால் அவள் கூன் போட்டு உட்கார்ந்து, மார்பைக் குழந்தையின் பக்கம் வளைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை காம்பை மட்டும் பிடித்துச் சப்பியது. அதனால் காம்பில் வெடிப்பு. வலிக்குப் பயந்து அவள் சீக்கிரமே எடுத்துவிடுவாள், குழந்தை மறுபடி அழும்.

அறைக்கு வெளியே வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மாமியாரின் தங்கை வந்திருந்தார். "பால் பத்தல போல. டப்பா பால் வாங்கிக் குடுத்தா கொழந்த நிம்மதியா தூங்கும்" என்று இரண்டு முறை சொன்னார். மாமியார் மறுத்தும் பேசவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. தங்கைக்குக் காபி கொடுத்துவிட்டு வந்து, அறைக் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகு என்னிடம், "இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்றேன்" என்றார்.

அன்று மாலையே குழந்தை மருத்துவரிடம் போனார்கள். மஞ்சள் காமாலை அளவு கவலைப்படும்படி இல்லை, குழந்தை சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பார்த்த பிறகு, இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார் மருத்துவர். அதற்குள் எடை ஏறாவிட்டால் பவுடர் பாலும் சேர்ப்பது என்று முடிவானது. இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. பவுடர் பால் கூடாது என்ற பிடிவாதம் எங்கள் யாருக்கும் இல்லை. குழந்தைக்குப் பால் போக வேண்டும், தாயின் சுரப்பும் காக்கப்பட வேண்டும் என்ற வரிசையில்தான் முடிவுகள் எடுக்கப்பட்டன.

அவளைப் பக்கவாட்டில் படுத்துப் பால் கொடுக்கப் பழக்கினோம். தையலில் பாரம் விழவில்லை. குழந்தை வாயை அகலத் திறந்து கருவட்டத்தையும் சேர்த்துப் பிடித்தது. இரண்டு, இரண்டரை மணிக்கு ஒரு முறை கொடுப்பது. கொடுத்து முடித்ததும் கையால் பாலைப் பீய்ச்சி, அந்தப் பாலையும் ஊட்டுவது. ஊட்டும் பொறுப்பை மாமியார் ஏற்றார்.

பாலாடை

எதில் ஊட்டுவது என்ற கேள்வி வந்தபோது மாமியார் அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் பாலாடையை எடுத்து வந்தார். அவருடைய மகனுக்கு ஊட்டியது. பாட்டிலைவிட இது எனக்கும் உகந்ததாகத் தெரிந்தது. மூக்கு நீண்ட சிறு கிண்ணம், கொதிக்க வைத்துச் சுத்தம் செய்வது எளிது, ரப்பர் காம்புக்குக் குழந்தை பழகிவிடும் என்ற கவலையும் இல்லை.

ஆனால் அவருக்குத் தெரிந்த முறை பழைய முறை: காலை நீட்டி, குழந்தையைக் கால்மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, வாயில் பாலாடையைச் சரித்து ஊற்றுவது. இதில் புரையேறும் ஆபத்து இருக்கிறது. பால் மூச்சுக்குழலுக்குள் போனால் குழந்தைக்கு மூச்சுத்திணறலும் நெஞ்சுச் சளியும் வரக்கூடும். மாற்றிச் செய்து காட்டினேன். குழந்தையை மடியில் ஏறக்குறைய நிமிர்த்தி உட்கார வைத்து, பின்கழுத்தைக் கையால் தாங்கி, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். குழந்தை தானே நாக்கால் இழுத்துக்கொள்ளும். விழுங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த வாய். இருபது மில்லி கொடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகலாம்.

முப்பது வருடத்துக்கு முன் ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவரிடம் "இப்படி ஊட்டாதீங்க" என்று சொல்வது பல வீடுகளில் சண்டையில் முடியும். இவர் ஒரு முறை பார்த்தார், அடுத்த முறை தானே செய்தார். மருமகள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "எனக்கு அப்ப இத யாரும் சொல்லித் தரல" என்றார். இந்த ஒரு வாக்கியம் மருமகளுக்கு எவ்வளவு பெரிய இடம் கொடுத்தது என்பது கடிதத்தில் வருகிறது.

ஒன்பதாம் நாள் எடை 2,600 கிராம். பன்னிரண்டாம் நாள் 2,690. பதினாறாம் நாள் 2,810. பவுடர் பால் தேவைப்படவில்லை.

மூன்றாவது வாரம்

எடை சரியானதும் என் வேலை முடிந்துவிட்டது என்று விடுவதுதான் வழக்கமாகியிருக்கும். மாமியார் ஃபோன் செய்தார். "கொழந்த தூங்கும்போதும் இவ தூங்க மாட்டேங்குறா. மேல பாத்துட்டே படுத்திருக்கா. சாப்பாடு இறங்கல. முதல் வாரம் அழுதா, சரி, பிரசவ அலுப்புனு விட்டேன். இப்ப அழுகை இல்ல. அதான் பயமா இருக்கு."

பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகையும் தவிப்பும் பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். அதைத் தாண்டியும் நீடித்தால், குறிப்பாகக் குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். மாமியாருக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் அவர் கவனித்துச் சொன்னது சரியாக அதைத்தான்.

எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விப் பட்டியல் தமிழிலும் உள்ளது. கடந்த ஏழு நாளில் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும்; மொத்தம் 30 மதிப்பெண். அவளுக்கு 14 வந்தது. இது நோயை உறுதிசெய்யும் பரிசோதனை அல்ல. மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என்று காட்டுவது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு அவள் "இல்லை" என்றாள். அதில் வேறு பதில் வந்திருந்தால், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் அவளைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருப்போம்.

மனநல மருத்துவரிடம் போகலாம் என்றதும் அவள் முதலில் கேட்டது, "வெளிய தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?" மாமியார் சொன்னார்: "தையல் பாக்கப் போறோம். யார் கேட்டாலும் அதான்." ஆட்டோவில் கூடவே போனார். மருத்துவர் அறைக்குள் அவள் கூப்பிடாமல் நுழையவில்லை. குழந்தையோடு வெளியே உட்கார்ந்திருந்தார். என்ன பேசினாய் என்று பிறகும் கேட்கவில்லை.

நோயாளி விரும்பாதபோது அவருடைய நோயை உறவுக்குச் சொல்லாமல் இருப்பது ரகசியக் காப்பு. மருத்துவம் படித்தவர்களே இதில் தடுமாறிப் பார்த்திருக்கிறேன்.

இரவு ஏற்பாடு

மருத்துவர் உடனே மருந்து எழுதவில்லை. பேச்சு சிகிச்சையும், தொடர்ந்து சில மணி நேரத் தூக்கமும், இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனையும் என்றார். முன்னேற்றம் இல்லையென்றால் பால் கொடுக்கும் தாய்க்கும் ஏற்ற மருந்து தொடங்கலாம் என்றார்.

தூக்கத்தை எங்கிருந்து எடுப்பது? கணவர் இரவுப் பணியில். மாமியார்தான் வழி சொன்னார்: இரவு பத்திலிருந்து மூன்று மணி வரை குழந்தை தன்னோடு ஹாலில் இருக்கட்டும். பத்து மணிக்கு அவள் பால் கொடுத்து, மிச்சத்தைப் பீய்ச்சி வைப்பாள். பகலில் எடுத்ததையும் சேர்த்து அறுபது, எழுபது மில்லி ஃபிரிட்ஜில் இருக்கும். பன்னிரண்டரைக்குக் குழந்தை விழிக்கும்போது, வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கிப் பாலாடையில் ஊட்டுவார். மீந்ததைக் கொட்டிவிடுவார். மூன்று மணிக்குக் குழந்தையைத் தாயிடம் கொண்டுபோவார்.

இதில் ஒரு விலை உண்டு. சுரப்பு நிலைபெறாத வாரங்களில் இரவுப் பால் ஒன்றைத் தவிர்த்தால் மார்பு கட்டிக்கொள்ளலாம், சுரப்பும் குறையலாம். அதனால் மார்பு இறுகி விழிப்பு வந்தால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுப் படுக்கச் சொன்னேன். எடையை வாரம் ஒரு முறை பார்த்தோம். எடை குறையவில்லை.

நான்காம் நாளிலிருந்து அவள் தூங்கினாள். இரண்டு வாரத்தில் மதிப்பெண் 9 ஆனது. எட்டாவது வாரம் 5. மருந்து தேவைப்படவில்லை. இதை எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. தூக்கமும் பேச்சும் போதாமல் மருந்தால் மீண்ட தாய்மார் பலர்.

கடிதம் எழுதும் முடிவு

26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புவதற்கு முன் அவள் என்னிடம் பேசினாள். அத்தைக்கு ஏதாவது செய்ய வேண்டும். புடவை எடுத்தால் பீரோவில் வைத்துவிடுவார். நேரில் சொன்னால், "இதெல்லாம் ஒரு பேச்சா" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். எழுதலாமா என்றாள்.

முதலில் எழுதியதை எனக்குக் காட்டினாள். "என் அம்மாகூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாங்க" என்று இருந்தது. பவுடர் பால் சொன்ன சின்ன மாமியாரைப் பற்றியும் நான்கு வரி. இரண்டையும் பற்றிப் பேசினோம். நம் வீடுகளில் கடிதம் ஒருவரிடம் நிற்பதில்லை. டயாலிசிஸ் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா நாளைக்கு இதைப் படித்தால், வர முடியாமல் போன துக்கத்தோடு இதுவும் சேரும். சின்ன மாமியாரைக் குறை சொன்னால், நன்றிக் கடிதத்தை வாங்குபவர் தங்கைக்காகப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் போய் நிற்பார். இரண்டையும் அவளே எடுத்தாள். "தெய்வம்" என்ற சொல்லும் போனது. நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும் என்று முடிவு செய்தாள். ஃபோனில் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தே பழகியவள், மாமியார் கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி பெரிய எழுத்தில், கோடு போட்ட தாளில் கையால் எழுதினாள்.

கடிதம்

"அன்புள்ள அத்தைக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். நேரில் சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், நானும் அழுதுவிடுவேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று எனக்கு இந்த வீட்டில் இருக்கவே கூச்சமாக இருந்தது. அம்மா வீட்டில் இருக்க வேண்டிய நேரத்தில் இங்கே உங்களுக்குப் பாரமாக இருக்கிறேன் என்று நினைத்தேன். இரத்தம் பட்ட துணியை நான் ஒளித்து வைத்திருந்தேன், மறுநாள் அலசலாம் என்று. காலையில் பார்த்தால் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து நான் ஒளித்து வைக்கவில்லை.

பிள்ளைக்குப் பால் போகாத அந்த வாரம், வருகிறவர்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள். நீங்கள் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. 'சாப்பிட்டியா' என்றும் கேட்கவில்லை. தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவீர்கள். பூண்டுக் குழம்பு சோறு ஆறிப்போனால் எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவருவீர்கள். தண்ணீர் நிறையக் குடிக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டு ஆயா சொன்னபோது அவரிடம் தலையாட்டினீர்கள். அவர் போன பிறகு சொம்பில் சீரகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தீர்கள்.

பாலாடையில் ஊட்டும் விதத்தை மாற்றச் சொன்னபோது 'எனக்கு அப்ப யாரும் சொல்லித் தரல' என்றீர்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று அதுவரை ஒவ்வொரு நிமிடமும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

டாக்டரிடம் போனதைப் பற்றி இன்றுவரை நீங்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சித்தி ஃபோனில் கேட்டபோது 'தையல்ல கொஞ்சம் சீழ், அதான்' என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. நான் கேட்காமலே எனக்காக ஒரு பொய் சொன்னீர்கள்.

இரவு பன்னிரண்டரைக்கு ஹாலில் லைட் போடாமல், ஃபிரிட்ஜ் கதவைச் சத்தமில்லாமல் திறப்பீர்கள். முதல் மூன்று நாள் நான் தூங்காமல் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். நான்காவது நாள் எனக்குக் கேட்கவில்லை. தூங்கியிருக்கிறேன். அன்று காலையில்தான் பிள்ளையின் முகத்தை ஆசையாகப் பார்த்தேன்.

நீங்கள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் மறக்க மாட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். பிள்ளை உங்களிடம் இருக்கிறாள் என்பதால் தைரியமாகப் போகிறேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் சொன்னதே இல்லை. இனிமேல் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்."

கடிதத்துக்குப் பிறகு

ஞாயிற்றுக்கிழமை மதியம், கணவர் தூங்கும் நேரத்தில் கொடுத்தாள். மாமியார் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். இரண்டு நாள் பேச்சே இல்லை. தவறாக எழுதிவிட்டோமோ என்று மருமகள் தவித்தாள்.

மூன்றாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டே மாமியார் சொன்னார்: "ஒண்ணு மட்டும் சரியில்ல. முகம் சுளிக்கலைனு எழுதியிருக்க. சுளிச்சேன். நீ பாக்கல." பிறகு மெதுவாக மற்றதும் வந்தது. இரவு விழித்ததால் காலையில் தூங்கிப்போவார். காலைச் சாப்பாடு பதினொரு மணிக்குப் போகும். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய சர்க்கரை மாத்திரை பல நாள் விட்டுப்போனது. கால் மரத்துப்போவது கூடியிருந்தது. தன் பிரசவத்தில் மூன்று மாதம் யாரோடும் பேசப் பிடிக்காமல் கிடந்ததையும், 'பேய் அடிச்சிருக்கு' என்று வேப்பிலை அடித்ததையும் அன்று முதல் முறையாகச் சொன்னார். மருமகளின் முகத்தில் எதைப் பார்த்து எனக்கு ஃபோன் செய்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

அந்த வாரம் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மூன்று மாத சர்க்கரைச் சராசரி முந்தைய ஆண்டு 7.1, இப்போது 8.4. மருத்துவர் மாத்திரை அளவை மாற்றினார், பாதங்களைச் சோதித்தார்.

வேலைக்குப் போகும் ஏற்பாடும் மாறியது. காலை எட்டிலிருந்து மாலை ஆறரை வரை பாட்டி தனியாகப் பார்த்துக்கொள்வது என்றுதான் எல்லோரும் பேசாமலே முடிவு செய்திருந்தார்கள். கணவர் அலுவலகத்தில் கேட்டு இரவுப் பணியைக் குறைத்துக்கொண்டார். அவர் வீட்டில் இருக்கும் இரவுகளில் குழந்தை அவரோடு. காலை பத்திலிருந்து இரண்டு வரை உதவிக்குத் தெரிந்த பெண் ஒருவர் வருகிறார். அந்த நேரத்தில் மாமியார் சாப்பிட்டு, படுத்து எழுகிறார்.

மருமகளின் அம்மாவும் கடிதத்தைக் கேட்டார். மாமியாரே ஃபோனில் வாசித்துக் காட்டியிருக்கிறார், டாக்டர் விஷயம் உள்ள பத்தியை மட்டும் விட்டுவிட்டு.

அடுத்து மாற்ற வேண்டியவை

என் வீட்டுப் பார்வைக் குறிப்பில் தாய்க்கு ஒரு பக்கம், குழந்தைக்கு ஒரு பக்கம் இருந்தது. இரவு விழிப்பவருக்குப் பக்கமே இல்லை. இப்போது சேர்த்திருக்கிறேன்: அவருக்கு என்ன நோய், என்ன மாத்திரை, எந்த வேளையில், இரவு விழித்தால் அந்த வேளை எப்படி மாறும், பகலில் அவர் தூங்கும் நேரத்தில் குழந்தை யாரிடம். இரவு ஏற்பாட்டைத் தொடங்கும் அன்றே இதைக் கேட்கிறேன், அவரைத் தனியாக வைத்து. மருமகள் எதிரில் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதில்தான் வரும்.

இரண்டாவது, இரவு ஏற்பாட்டுக்கு முடிவுத் தேதி வைப்பது. இந்த வீட்டில் இரண்டு வாரத்துக்கு என்று தொடங்கியது, அவள் தேறிய பிறகும் நான்கு மாதம் ஓடியது. நிறுத்தலாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது மறுபரிசோதனை நாளிலேயே, இனி யார் விழிப்பது என்பதையும் பேசி முடிக்கிறோம்.

மனநலம் பற்றி வெளியே கேட்கத் தயங்கும் குடும்பங்களுக்கு டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணையும் குறிப்பின் மேலேயே எழுதிக் கொடுக்கிறேன். தமிழில் பேசலாம், தாய்தான் பேச வேண்டும் என்றில்லை, கவனித்தவரும் அழைக்கலாம்.

குழந்தைக்கு இப்போது எட்டு மாதம், எடை 7,600 கிராம். தாய்ப்பாலோடு இட்லி, பருப்புச் சோறு சாப்பிடுகிறாள். மாமியாரின் அடுத்த சர்க்கரைப் பரிசோதனை அடுத்த மாதம். அழைத்துப்போக மருமகள் விடுப்புச் சொல்லியிருக்கிறாள்.